கெடு நாள் யாருடைய முடிவு?

ஆய்வகத் தணிக்கை நெருங்கும் வாரங்களில் நம் ஆய்வு நிறுவனங்கள் பலவற்றில் ஒரே வேலை நடைபெறுகிறது. அலமாரியிலிருந்து அளவுத்திருத்தச் சான்றிதழ்கள் எடுக்கப்படுகின்றன. புதிதாகச் சேர்ந்த ஆய்வு மாணவரோ திட்ட உதவியாளரோ அவற்றை ஒவ்வொன்றாகப் புரட்டி எக்செல் தாளில் நான்கு நிரல்களை நிரப்புகிறார்: கருவியின் பெயர், சான்றிதழ் எண், அளவுத்திருத்தம் செய்த நாள், அடுத்த கெடு நாள். அந்தத் தாள் அச்சிடப்பட்டுக் கோப்பில் சேர்கிறது. அதற்கு 'மறு அளவுத்திருத்த அட்டவணை' என்று பெயர்.

இந்த நான்கில் முதல் மூன்றைச் சான்றிதழிலிருந்து படியெடுக்கலாம். நான்காவதைப் படியெடுக்கக் கூடாது என்பதே என் வாதம். கெடு நாள் சான்றிதழ் தரும் தரவு அன்று. சான்றிதழில் உள்ள பிற தரவுகளைக் கொண்டு, கருவியைப் பயன்படுத்தும் ஆய்வகம் எடுக்க வேண்டிய முடிவு அது. அந்த முடிவை நாம் எடுக்காமல் விடுவதன் விலையை நம் அளவீடுகளும், அவற்றின்மீது எழுதப்படும் ஆய்வேடுகளும் கொடுக்கின்றன.

முதலில் விதியைப் பார்ப்போம். அளவுத்திருத்த ஆய்வகங்கள் பின்பற்றும் பன்னாட்டுத் தரநிலை ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 17025. இந்தியாவில் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் இதன் அடிப்படையில்தான் வழங்கப்படுகிறது. இதன் 2017ஆம் ஆண்டுப் பதிப்பின் 7.8.4.3 பிரிவு தெளிவானது: வாடிக்கையாளருடன் உடன்பாடு இருந்தாலன்றி, சான்றிதழிலோ கருவியில் ஒட்டும் வில்லையிலோ அளவுத்திருத்த இடைவெளி பற்றிய பரிந்துரை எதுவும் இடம்பெறக் கூடாது. காரணம் எளிது. அளவுத்திருத்தம் செய்பவர் கருவியை அன்றைய நிலையில் மட்டுமே அறிவார். அது நாளொன்றுக்கு எத்தனை முறை பயன்படும், எந்த அறையில் இருக்கும், எவ்வளவு பிழையை நம் சோதனை தாங்கும் என்பவை அவருக்குத் தெரியா.

அவ்வாறெனில் நம் சான்றிதழ்களில் கெடு நாள் எப்படி வருகிறது? கருவியை அனுப்பும்போது நிரப்பும் கோரிக்கைப் படிவத்தில் 'அடுத்த அளவுத்திருத்தம் எப்போது' என்றொரு கட்டம் இருப்பதுண்டு. அலுவலகத்தில் யாரோ அதில் 'ஓராண்டு' என்று எழுதுகிறார். அந்த ஓராண்டு சான்றிதழில் ஒரு நாளாக அச்சாகித் திரும்பி வருகிறது. மலை முன் நின்று கூவியவர் தம் எதிரொலியையே மலையின் வாக்காக எடுத்துக்கொள்வதைப் போல, நாம் எழுதிய சொல்லை வல்லுநரின் சொல்லாக அட்டவணையில் ஏற்றுகிறோம்.

சான்றிதழில் உண்மையில் இருப்பவை யாவை? ஒவ்வோர் அளவீட்டுப் புள்ளியிலும் மேற்கோள் கருவி காட்டிய மதிப்பு, நம் கருவி காட்டிய மதிப்பு, இரண்டுக்கும் இடையிலான பிழை, அந்தப் பிழையை நிர்ணயித்ததில் உள்ள நிச்சயமின்மை. இவற்றோடு நம் ஆய்வகம் தன் பங்காகச் சேர்க்க வேண்டியது ஏற்கத்தக்க பிழை வரம்பு, அதாவது நாம் வழக்கில் டாலரன்ஸ் என்பது. இந்த வரம்பு பெரும்பாலும் சான்றிதழில் இராது. அட்டவணை நிரப்புவோர் அந்த நிரலில் எதையாவது எழுத வேண்டுமே என்று, சான்றிதழில் ± குறியோடு தென்படும் ஒரே எண்ணை எடுத்து எழுதிவிடுகிறார்கள். அந்த எண் நிச்சயமின்மை. k = 2 என்ற காரணியோடு, ஏறத்தாழ 95 விழுக்காடு நம்பகத்துடன், 'நாங்கள் சொல்லும் பிழை இவ்வளவு ஐயத்துக்கு உட்பட்டது' என்று அளவுத்திருத்த ஆய்வகம் தன் அளவீட்டைப் பற்றிச் சொல்லும் கூற்று அது. நம் கருவி எவ்வளவு தவறலாம் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. இரண்டும் ஒரே அலகில், ஒரே குறியோடு நிற்பதால் வரும் குழப்பம் இது.

ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகக் கணக்கிட்டுப் பார்ப்போம். நுண்ணுயிர் வளர்ப்புக்கான இன்குபேட்டர் ஒன்றின் வெப்பநிலையை, நூறில் ஒரு பங்கு டிகிரி வரை காட்டும் டிஜிட்டல் வெப்பமானியால் கண்காணிக்கிறோம் என்று கொள்வோம். சோதனை முறை 37 டிகிரி செல்சியஸ், ± 1 டிகிரி என்று கேட்கிறது. இந்த ஒரு டிகிரி முழுவதையும் வெப்பமானிக்கே கொடுத்துவிட முடியாது. இன்குபேட்டரின் ஏற்ற இறக்கமும், மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்கும் உள்ள வேறுபாடும் அதற்குள் அடங்க வேண்டும். ஆகவே வெப்பமானிக்கு ± 0.5 டிகிரி என்று பிழை வரம்பு வகுக்கிறோம். இந்த எண்ணைச் சோதனை முறையை அறிந்தவர்தான் சொல்ல முடியும்.

கோப்பில் மூன்று சான்றிதழ்கள் உள்ளன. 37 டிகிரியில் பிழை, 2023 மார்ச் 14 அன்று +0.05; 2024 மார்ச் 20 அன்று +0.17, 2025 மார்ச் 18 அன்று +0.29. மூன்றிலும் நிச்சயமின்மை 0.15. மூன்றாம் சான்றிதழில் அச்சான கெடு நாள் 2026 மார்ச் 17.

படியெடுக்கும் அட்டவணையில் இந்தக் கருவிக்கு எந்தக் குறையும் தெரியாது. ஒவ்வோராண்டும் அளவுத்திருத்தம் நடந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் பிழை 0.5க்குள் இருக்கிறது. மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் வெப்பமானி ஆண்டுக்கு ஏறத்தாழ 0.12 டிகிரி வீதம் ஒரே திசையில் நகர்ந்துவருவது புலப்படும். நிச்சயமின்மையையும் வரம்புக்குள் அடக்க வேண்டும் என்ற எச்சரிக்கையான விதியை ஏற்றால், நாம் அனுமதிக்கக்கூடிய பிழை 0.5லிருந்து 0.15ஐக் கழித்த 0.35 ஆகும். இப்போதுள்ள பிழை 0.29. எஞ்சியிருப்பது 0.06 மட்டுமே. கணக்கு இதுதான்:

```
m = 12 × (L − U − |e|) / d
m = 12 × (0.5 − 0.15 − 0.29) / 0.12 = 6
```

இங்கே L பிழை வரம்பு, U நிச்சயமின்மை, e அண்மைப் பிழை, d ஓராண்டு நகர்வு, m மாதங்கள். விடை ஆறு மாதம். 2025 செப்டம்பர் நடுவில் கருவி நம் எல்லையைத் தொடும். சான்றிதழில் கண்ட நாளை நம்பினால், அதன்பின் ஆறு மாதங்களுக்கு அந்த இன்குபேட்டரின் பதிவேட்டில் எழுதும் ஒவ்வொரு வெப்பநிலையும் நம் சொந்த விதியாலேயே ஐயத்துக்குரியது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை அனுப்புவது ஒன்றே வழியா? இல்லை. நம் ஆய்வகங்களில் பெரும்பாலும் கைவிடப்படும் இன்னொரு வழி உண்டு. பிழை 0.29 என்று தெரிந்துவிட்ட பிறகு ஒவ்வொரு வாசிப்பிலிருந்தும் 0.29ஐக் கழித்துப் பதிவு செய்யலாம். அப்போது அளவுத்திருத்த நாளன்று எஞ்சும் பிழை பூச்சியத்துக்கு அருகில் வரும். ஓராண்டு நகர்வான 0.12 மட்டுமே கணக்கில் நிற்கும். அது 0.35க்கு மிகவும் கீழே. ஓராண்டு இடைவெளி தாராளமாகப் பொருந்தும். கூடுதல் செலவும் இல்லை. ஆனால் அந்தத் திருத்தம் அட்டவணையில் ஒரு நிரலாக இடம்பெற வேண்டும். இன்குபேட்டரின் கதவருகே தொங்கும் பதிவேட்டிலும் எழுதப்பட வேண்டும். அதைப் பின்பற்றுவதும் வேண்டும். ஒரே கருவி, ஒரே சான்றிதழ். நாம் திருத்தத்தைப் பயன்படுத்துகிறோமா இல்லையா என்பதைப் பொறுத்துக் கெடு நாள் செப்டம்பராகவோ மார்ச்சாகவோ மாறுகிறது. சான்றிதழை அச்சிட்டவர் இதை எப்படி அறிவார்?

இந்தக் கணக்கின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். ஓராண்டு நகர்வான 0.12, ஒவ்வோர் அளவீட்டின் நிச்சயமின்மையான 0.15ஐவிடச் சிறியது. இரண்டு சான்றிதழ்களை மட்டும் வைத்து 'நகர்கிறது' என்று தீர்ப்பளிக்க முடியாது. மூன்றாவதும் அதே திசையில், அதே அளவில் சென்றிருப்பதால் ஐயம் வலுப்பெறுகிறது, ஆனால் உறுதியாகிவிடவில்லை. எனவே இடையில் நாமே சரிபார்ப்பது நல்லது. காய்ச்சிவடித்த நீரில் செய்த பனிக்கட்டியை நொறுக்கி, அதே நீரைச் சிறிதளவு சேர்த்து, நெருக்கமாக நிரப்பிய வெப்பக்காப்புக் குடுவையில் உணரியை ஆழமாக அமிழ்த்தி, வாசிப்பு நிலைபெறும் வரை காத்திருந்து குறித்துக்கொள்ள வேண்டும். மாதம் ஒருமுறை இதைச் செய்தால் பூச்சியப் புள்ளி நகர்கிறதா என்பது செலவின்றித் தெரியும். உணரியின் உணர்திறன் மாறி, பூச்சியத்தில் பிழையின்றி 37இல் மட்டும் பிழை வளர்ந்தால் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது. அதற்கு மீண்டும் சான்றிதழிடம்தான் செல்ல வேண்டும்.

இப்போது சான்றிதழிலிருந்து தரவை எடுக்கும் செயலுக்கு வருவோம். இதனை எழுத்தர் வேலை என்று ஒதுக்குபவர்கள் கவனிக்க வேண்டிய இடங்கள் மூன்று.

முதலாவது, நாள். சான்றிதழில் பொதுவாக மூன்று நாள்கள் காணப்படும்: கருவி வந்து சேர்ந்த நாள், அளவுத்திருத்தம் செய்த நாள், சான்றிதழ் வழங்கிய நாள். இடைவெளியை எண்ணத் தொடங்க வேண்டியது நடுவிலுள்ள நாளிலிருந்து. தலைப்பில் பெரிதாக அச்சாகியிருப்பது பெரும்பாலும் மூன்றாவது நாள். அவசரத்தில் கண் அங்கேதான் செல்லும். அடுத்து, 05/03/2025 என்பது நமக்கு மார்ச் 5. கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் எக்செல் அதனை மே 3 என்று எடுத்துக்கொள்ளும். எச்சரிக்கை எதுவும் தராது. 18/03/2025 என்பதில் பதினெட்டாம் மாதம் இல்லாததால் அதை நாளாக ஏற்காமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். கண்டுபிடிக்கும் வழியும் இதிலேயே இருக்கிறது: ஒரே நிரலில் சில நாள்கள் வலப்பக்கமும் சில இடப்பக்கமும் ஒட்டி நின்றால், வலப்பக்கம் நிற்பவை மாறியிருக்கின்றன என்று ஐயுற வேண்டும். நாளை 2025-03-05 என்ற வடிவில் எழுதுவது இந்தத் தொல்லையை முளையிலேயே கிள்ளிவிடும்.

இரண்டாவது, குறி. சில ஆய்வகங்கள் பிழையைத் தருகின்றன. சில, பிழைக்கு நேரெதிரான திருத்தத்தைத் தருகின்றன. பிழை என்பது நம் கருவியின் வாசிப்பிலிருந்து மேற்கோள் மதிப்பைக் கழித்தது. திருத்தம் அதைப் புரட்டிப்போட்டது. ஓராண்டு ஒரு நிறுவனத்திடமும் மறு ஆண்டு வேறொரு நிறுவனத்திடமும் கருவியை அனுப்பினால், +0.17க்கு அடுத்து −0.29 என்று தாளில் ஏறும், 0.12 நகர்ந்த கருவி 0.46 நகர்ந்ததாகத் தோன்றும். நிரலின் தலைப்பை நம்புவதைவிட இரு வாசிப்புகளையும் எடுத்து நாமே கழித்துப் பார்ப்பது நல்லது. பி.டி.எஃப். கோப்பிலிருந்து ஒட்டும்போது இன்னொரு சிக்கலும் வரக்கூடும். அச்சுக்கென இடப்பட்ட நீண்ட கழித்தல் குறியை எக்செல் எண்ணின் பகுதியாக ஏற்காமல் அந்த மதிப்பை எழுத்தாகவே வைத்துவிடும். கூட்டலிலும் சராசரியிலும் அந்த மதிப்பு ஓசையின்றி விடுபட்டுப் போகும்.

மூன்றாவது, மிகவும் முக்கியமானது: திருத்துவதற்கு முன்னும் பின்னும். நம் கலைச்சொல்லே இங்கு நம்மை வழிதவறச் செய்கிறது. 'அளவுத்திருத்தம்' என்றவுடன் கருவியைத் திருத்தித் தருவார்கள் என்று எண்ணுகிறோம். அளவியலின் வரையறைப்படி காலிபரேஷன் என்பது ஒப்பிட்டுப் பார்த்தல் மட்டுமே. கருவியைச் சரிசெய்தல் வேறு செயல். சரிசெய்தல் நடந்திருந்தால், கருவி வந்தபோது இருந்த பிழையும் சரிசெய்தபின் எஞ்சிய பிழையும் கிடைக்கும்வரை சான்றிதழில் தரப்பட வேண்டும் என்று அதே தரநிலை கூறுகிறது. மேற்கண்ட வெப்பமானியை 2025இல் சரிசெய்து +0.02க்குக் கொண்டுவந்தார்கள் என்று கொள்வோம். அட்டவணையில் இறுதி மதிப்பை மட்டும் ஏற்றினால் 0.05, 0.17, 0.02 என்ற வரிசை கிடைக்கும்; கருவி தானே திருந்திக்கொண்டதாகத் தோன்றும். உண்மையில் கடந்த ஆண்டின் நகர்வைச் சொல்வது, வந்தபோது இருந்த 0.29. வரும் ஆண்டின் கணக்கு தொடங்குவது சரிசெய்தபின் எஞ்சிய 0.02இலிருந்து. இரண்டுக்கும் தனித்தனி நிரல் வேண்டும். கருவி வரம்பைக் கடந்து வந்திருந்தால், முந்தைய அளவுத்திருத்தம் முதல் அதுவரை எடுத்த தரவுகளை மறுபரிசீலனை செய்யத் தூண்டுவதும் வந்தபோது இருந்த மதிப்புதான். அதனைப் பதியாத அட்டவணை அடுத்த கெடுவை நினைவூட்டுமேயன்றி, சென்ற ஆண்டில் நேர்ந்ததைச் சொல்லாது.

எதிர்வாதம் ஒன்றை எதிர்பார்க்கிறேன். 'நாங்கள் அளவியலாளர்கள் அல்லர். உயிரியலும் வேதியியலும் படிப்பவர்கள். எல்லாக் கருவிக்கும் ஓராண்டு என்று வைத்துக்கொண்டால் நடைமுறைக்கு எளிது. தணிக்கையாளரும் கேள்வி கேட்க மாட்டார்.' இதில் நியாயம் இருக்கிறது. புதிதாக வாங்கிய கருவிக்கு வரலாறே இல்லாதபோது ஓராண்டு என்பது பொருத்தமான தொடக்கமாக இருக்கலாம். ஆனால் தொடக்கம் நிரந்தரமாகிவிடக் கூடாது. அளவுத்திருத்தத் திட்டம் மறுபரிசீலனைக்கும் தேவையான மாற்றத்துக்கும் உட்பட வேண்டும் என்று தரநிலையின் 6.4.7 பிரிவு கேட்கிறது. இடைவெளியை எப்படி வகுப்பது என்பதற்கு ஐலாக், ஓ.ஐ.எம்.எல். ஆகிய பன்னாட்டு அமைப்புகள் கூட்டாக வெளியிட்ட வழிகாட்டி இருக்கிறது. 2022இல் அது புதுப்பிக்கப்பட்டது.

அந்த வழிகாட்டியிலுள்ள எளிய முறைக்குப் 'படிக்கட்டு முறை' என்று பெயர். கருவியின் பிழை வரம்பில் எண்பது விழுக்காடு போன்றதொரு எல்லைக்குள் இருந்தால் அடுத்த இடைவெளியை நீட்டலாம். வெளியே போனால் குறைக்க வேண்டும். நம் வெப்பமானிக்கு இதைப் பொருத்தினால் 0.29 என்பது 0.5இல் 58 விழுக்காடு. எனவே இடைவெளியை நீட்டலாம் என்று விடை வரும். நகர்வைக் கணக்கிட்ட முறையோ ஆறு மாதம் என்கிறது. படிக்கட்டு முறை கடைசி எண்ணை மட்டும் பார்க்கிறது. மற்றது திசையையும் பார்க்கிறது. எதைத் தேர்ந்தோம், ஏன் தேர்ந்தோம் என்று ஒரு வரியில் எழுதிவைப்பது ஆய்வகத்தின் கடமை. அந்த வரி இல்லாத கெடு நாள், காரணம் கூறாத தீர்ப்பைப் போன்றது.

ஆகவே என் வேண்டுகோள் மூன்று செயல்களாக அமைகிறது. கோரிக்கைப் படிவத்தில் அடுத்த அளவுத்திருத்தம் பற்றிய கட்டத்தை நிரப்பாமல் விடுங்கள். சான்றிதழில் அந்த நாள் வராதிருந்தால் படியெடுக்கும் ஆசையும் எழாது. அட்டவணையில் பிழை வரம்பு என்ற நிரலைச் சான்றிதழ் வருவதற்கு முன்பே, சோதனை முறையைக் கொண்டு, அச்சோதனையைச் செய்பவர் நிரப்பட்டும். கெடு நாளுக்கு அருகில் 'காரணம்' என்றொரு நிரலைச் சேருங்கள். 'வரலாறு இல்லை, ஓராண்டில் தொடங்குகிறோம்' என்பதும் ஒரு நேர்மையான காரணமே.

நாற்பது கருவிகள் உள்ள ஆய்வகத்தில் இத்தனையும் எல்லாவற்றுக்கும் செய்வது கடினம். எல்லாவற்றுக்கும் தேவையும் இல்லை. வெளியிடப்போகும் முடிவை நேரடியாகத் தாங்கி நிற்கும் ஐந்தாறு கருவிகளில் தொடங்கலாம். அவற்றின் மூன்றாண்டுச் சான்றிதழ்களை மேசைமீது விரித்து, பிழையை ஒரு நிரலில் வரிசையாக எழுதிப் பாருங்கள். அரை நாள் வேலை. அவற்றுள் எத்தனை ஒரே திசையில் நகர்கின்றன, எத்தனைக்கு ஓராண்டு மிகையானது, எத்தனைக்குப் போதாது என்பது அந்த அரை நாளில் தெரிந்துவிடும். உங்கள் துறையில் இந்தக் கணக்கு பொருந்தாத கருவிகள் இருந்தால், ஏன் பொருந்தவில்லை என்று கீழே எழுதுங்கள். அவற்றுக்கு எந்த முறை ஏற்றது என்று சேர்ந்து சிந்திக்கலாம்.